ஆறு சிரட்டைக் கிண்ணங்களும் ஒரு பதிலும்

யோகலிங்கத்தின் பெருவிரல் கைபேசித் திரைக்கு ஒரு நெல்லளவு உயரத்தில் நின்றது. கிளிநொச்சி பஸ் அன்றைக்கு நேரத்துக்கு வந்திராவிட்டால் அந்த விரல் இறங்கியிருக்கும், பளையில் ஒரு கடை பிறந்த மாதமே செத்திருக்கும். அந்த பஸ் நேரத்துக்கு வருவதே பெரிய விஷயம். அதை நம்பி எவரும் உலை வைப்பதில்லை.

“அண்ணை, என்ன செய்யிறீங்கள்? யாருக்கு அனுப்பப் போறீங்கள்?”

வாசலில் செருப்பைக் கழற்றியபடியே நிசாந்தினி கேட்டாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய மாமி, புருசன் சதீஸின் தாய் மீனம்மா, சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தாள். இருவரும் கிளிநொச்சியிலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்.

“அந்தத் தாய்வான் மனுசிக்குத்தான்” என்றார் யோகலிங்கம். “கிண்ணம் உடைஞ்சு போச்சாம். நல்ல பதில் ஒண்டு அடிச்சு வைச்சிருக்கிறன். போன் தானே சீனத்துக்கு மாத்திக் குடுத்திட்டுது.”

“அனுப்பிப் போடாதேங்கோ. தாங்கோ பாப்பம்.”

அவர் தரவில்லை. அவள் பறித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் யோகலிங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர். பளைச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு, தன் தென்னங்காணிக்குள் தகரக் கொட்டகை போட்டு, ஆறு பெண்களை வைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கிண்ணம் செய்விக்கிறவர். சம்பளத்தை ஒரு நாளும் பிந்திக் கொடுத்ததில்லை. ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொன்னவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். கிண்ணங்களை எல்லாம் மூட்டை மூட்டையாகக் கொழும்பு வியாபாரி ஒருவர் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு போவார். அதைப் பொறுக்காமல்தான் நிசாந்தினி நின்று, மன்றாடி, சண்டை பிடித்து, வெளிநாட்டுக்காரர் வாங்கும் இணையச் சந்தை ஒன்றில் கடை திறக்க வைத்தாள். “சரி, ஒருக்காப் பாப்பம். முதல் ஓடர் பிழைச்சால் கடையைப் பூட்டிப்போட்டுப் பழையபடி மூட்டைதான்” என்று யோகலிங்கம் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான். முதல் ஓடர் இதுதான்.

ஓடர் கொடுத்தவர் லின் என்ற பெண். தாய்வானில் தைனான் என்ற ஊரில் சின்னத் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். முதலில் ஆறு கிண்ணம், பிடித்தால் கடைக்கு இன்னும் எடுக்கலாம் என்று எழுதியிருந்தார். அந்த “இன்னும்” என்ற சொல்லை நம்பித்தான் கொட்டகையில் ஒரு மாதமாகத் தேநீர் குடிக்கிறார்கள்.

நிசாந்தினி கைபேசியைப் பார்த்தாள். யோகலிங்கம் தமிழில் அடித்திருந்தது இது: “நாங்கள் நன்றாகத்தான் கட்டி அனுப்பினோம். வழியில் உடைத்தது கூரியர்காரர். பொருளைத் திருப்பி அனுப்பவும். வந்த பிறகு காசைப் பற்றி யோசிப்போம்.” கீழே அதன் சீனம். போன் ஒரு பிழையும் விடவில்லை, அதுதான் கரைச்சல். அவருடைய கோபத்தை அப்படியே, உப்புப் புளி குறையாமல், சீனத்தில் போட்டு வைத்திருந்தது.

“இது பதில் இல்லை அண்ணை. இது சண்டை.”

“பின்ன? நாங்கள் செய்யாத பிழைக்கு நாங்கள் ஏன் கும்பிடு போட வேணும்?”

“முதல்ல அவா என்ன எழுதினவா எண்டு பாத்தீங்களோ?”

“பாத்தனான். போன் தமிழாக்கித் தந்தது.”

போன் தந்த தமிழ் இது: “பெட்டி வழியில் திறக்கப்பட்டது. நெல் புல் நீக்கம். நான்கு கிண்ணங்கள் காயமடைந்தன. மிகவும் ஏமாற்றம். எப்படிக் கையாளுவீர்கள்?” காயமடைந்த கிண்ணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லாதது ஒன்றுதான் குறை. பெட்டி திறக்கப்பட்டது என்பதோடு யோகலிங்கம் வாசிப்பை நிறுத்திவிட்டார். திறந்தவன் உடைத்திருப்பான், வழக்கு முடிந்தது. “நெல் புல்” எதற்கு வந்தது என்று அவர் கேட்கவில்லை.

செய்தி வந்தது சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு. நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் கடைக்காரர் ஒரு வழி சொல்லாவிட்டால், வாங்கினவர் சந்தை நடத்துகிறவர்களிடம் முறையிடலாம். புதுக் கடைக்கு முதல் ஓடரிலேயே முறைப்பாடு விழுந்தால் பிறகு அந்தக் கடையை யாருடைய கண்ணிலும் காட்ட மாட்டார்கள். ஞாயிறு கொட்டகை பூட்டு. இன்று திங்கள், காலை ஒன்பது. தைனானில் பதினொன்றரை.

லின் அனுப்பிய மூன்று படங்களையும் நிசாந்தினி பெரிதாக்கிப் பார்த்தாள். முதல் படத்தில் கிண்ணங்கள். நாலில் விளிம்பிலிருந்து அடி வரைக்கும் வெடிப்பு. கூட வேலை செய்கிற ஜெயரூபி இரண்டு நாள் அரத்தாள் போட்டு, தேங்காயெண்ணெய் பூசி மினுக்கிய கிண்ணங்கள். இரண்டாவது படத்தில் வெறும் பெட்டி. மூட்டுக்கு மேல் வேறு நிறத்தில் ஒரு நாடா ஒட்டியிருந்தது. உள்ளே குமிழ்த்தாள் ஒரு துண்டு கூட இல்லை.

அவளுக்கு அது விளங்கவில்லை. அனுப்புகிற நாளில் குமிழ்த்தாளைக் கிளிநொச்சியில் அளந்து வாங்கிவந்து மேசையில் வைத்தது அவள்தான். விலாசச் சீட்டு அச்சடிக்க அவள் சந்திக்குப் போன நேரத்தில் மாமிதான் கட்டினாள். திரும்பி வந்தபோது பெட்டி ஒட்டி முடிந்திருந்தது.

மூன்றாவது படம் ஒரு துண்டுச் சீட்டு. முழுக்கச் சீனம். படமாக இருந்ததால் போன் அதைத் தொடவில்லை. அந்தக் கொட்டகையில், ஏன், பளை முழுவதிலும், அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நிசாந்தினி.

வாசித்தாள். தாவரப் பரிசோதனைக்காரரின் சீட்டு. பெட்டிக்குள் நெல் வைக்கோல் பொதிந்திருந்தது, அதை நாட்டுக்குள் விட அனுமதியில்லை, எடுத்து அழித்துவிட்டோம் என்று நாலு வரி.

வைக்கோல்.

அவள் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். மீனம்மா சாப்பாட்டுப் பையை ஆணியில் கொழுவிவிட்டு, சிரட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். காலையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தவள். முந்தானையில் இப்போதும் இரண்டு துரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. மாசியில் அவர்களின் வயல் வெட்டிப் புது வைக்கோல் வந்திருந்தது. முதல் நெல்லில் பொங்கிப் படைத்துவிட்டு, நல்ல காரியம் எதற்கும் அந்தப் புது வைக்கோலில் ஒரு பிடி எடுத்து வைப்பது மாமியின் வழக்கம். முட்டையானாலும் சட்டியானாலும் வைக்கோலில்தான் பொதிவாள், பொதிந்தது ஒரு நாளும் உடைந்ததும் இல்லை. முதல் வெளிநாட்டுப் பெட்டிக்கு அவள் பிளாஸ்டிக்கையா வைப்பாள்? குமிழ்த்தாளைப் பத்திரமாக எடுத்து மடித்து வைத்துவிட்டு, சுத்தமான பொன்னிற வைக்கோலை அடைத்திருக்கிறாள். கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. அங்கே வைக்கோலை உருவி எடுத்தவர்கள் பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. மிச்சத் தூரத்தைக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே போயிருக்கின்றன.

“என்ன பிள்ளை, ஏதோ சீட்டுப் போல கிடக்கு? என்ன எழுதிக்கிடக்கு?” என்று கேட்டார் யோகலிங்கம்.

இப்போது நிசாந்தினிக்கு ஒரு பொய் போதும். ‘கூரியர்காரரின் றசீது’ என்றால் முடிந்தது. எவரும் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணம் முடித்த பெட்டைக்கு என்ன கொம்பியூட்டர் என்று சதீஸின் சொந்தக்காரர்கள் கதைத்தபோது, “அவள் தனியப் போறதுதான் உங்களுக்குக் குறையெண்டால் நானும் கூடப் போறன்” என்று சொல்லிவிட்டு, ஐம்பத்தாறு வயதில் வேலைக்குக் கிளம்பியவள் இந்த மாமி. அவளை எல்லாருக்கும் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

ஆனால் அந்தச் சீட்டை லின்னும் வாசித்திருக்கிறார். அவருடைய மேசையில்தான் அது கிடக்கிறது. அவருக்குக் கூரியர்காரரின் கதையைச் சொன்னால், உடைந்த கிண்ணத்துக்கு மேலே ஒரு பொய்யையும் பொதிந்து அனுப்பினது போல ஆகிவிடும். கடை பிழைக்க வேண்டுமென்றால் உண்மையைத் தவிர வேறு வழி இல்லை. வேறு வழி இருந்தாலும் அவளுக்கு அது வேண்டாம்.

“பெட்டிக்குள்ள வைக்கோல் இருந்ததாம் அண்ணை. தாய்வானுக்குள்ள நெல் வைக்கோல் விடமாட்டினமாம். எடுத்துப்போட்டு வெறும் பெட்டியாக் குடுத்திருக்கினம். அதாலதான் உடைஞ்சது. பிழை எங்கட பக்கம்.”

அரத்தாள் உரசும் சத்தம் நின்றது. யோகலிங்கம் எல்லார் முகத்தையும் பார்த்தார். பெட்டியைக் கட்டியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

மீனம்மா எழும்பினாள்.

“நான்தான் வைச்சனான்” என்றாள். “பிள்ளை வாங்கிவைச்ச தாளை எடுத்துப்போட்டு வைக்கோல் வைச்சனான். புது வைக்கோல், நல்லதுக்கெண்டு வைச்சனான். வைக்கோலுக்கும் பாஸ்போட் கேப்பாங்கள் எண்டு எனக்கு ஆர் சொன்னது?”

கிண்ணம் மினுக்க இருந்த தேனுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யோகலிங்கம் சிரிக்கவில்லை.

“அப்ப கடையைப் பூட்டுவம்” என்றார். “நான் அண்டைக்கே சொன்னனான். உதெல்லாம் எங்களுக்குச் சரிவராது. பேசாமல் மூட்டையைக் கட்டுவம்.”

“பின்னேரம் ஐந்தரை வரைக்கும் பூட்டேலாது அண்ணை” என்றாள் நிசாந்தினி. அவள் குரல் உயரவில்லை, ஆனால் மாடு கட்டும் முளை போல இறுகியிருந்தது. “அதுவரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. நான் பதில் எழுதுறன். அதுக்குப் பிறகு என்னத்தையும் பூட்டுங்கோ.”

மடிக்கணினியைத் திறந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள். அமர்ந்த பிறகுதான் ஒரு கசப்பான விஷயம் உறைத்தது. அவளுக்குச் சீனம் தெரியும். மன்னிப்புக் கேட்கும் சீனம் தெரியாது.

கொழும்பில் இரண்டு வருஷம் படித்தாள். பிறகு வீதி போடும் ஒரு சீனக் கம்பெனியில் மூன்று வருஷம் மொழிபெயர்ப்பாளராக நின்றாள். அங்கே கற்றது வேலைத்தளச் சீனம். ‘தார் எங்கே?’ ‘றோலரை நிறுத்து!’ ‘நாளைக்கு மழை, இன்றைக்கே முடி!’ இந்தச் சீனத்தால் மலையைக் கூடப் பெயர்க்கலாம். மனம் நொந்த ஒரு பெண்ணிடம் பேச முடியாது.

முதல் வரி எழுதி வாசித்தாள். ‘கிண்ணம் உடைந்தது. காசு திரும்பும். திருப்பி அனுப்பாதே.’ றோலர்காரனுக்குப் போடும் கட்டளை மாதிரி இருந்தது. அழித்தாள்.

எழும்பி வெளியே போனாள். தென்னைகளுக்கு நடுவில் இரண்டு தரம் நடந்தாள். வேலைத்தளத்தில் சமையலுக்கு இருந்த சீனத்து அம்மா ஒருவரின் ஞாபகம் வந்தது. சோறு பிந்தினால் அந்த அம்மா தொழிலாளரிடம் என்ன சொல்லுவார்? உங்களுக்குக் கரைச்சல் தந்துவிட்டேன் என்று தொடங்குவார். காரணம் பிறகுதான் வரும், வந்தாலும் சுருக்கமாக வரும். அவளுடைய ஊரிலும் மரியாதை தெரிந்தவர்கள் அப்படித்தான். வந்தவரை முதலில் இருத்திவிட்டுத்தான் மற்றக் கதை.

திரும்பி வந்து எழுதினாள். அவள் படித்தது சீனப் பெருநாட்டின் சுருக்க எழுத்து. தாய்வான்காரர் எழுதுவது பழைய, கோடுகள் நிறைந்த முழு எழுத்து. விசைப்பலகையை அதற்கு மாற்றினாள். விருந்தாளிக்கு அவருக்குப் பழக்கமான கோப்பையில் தேநீர் கொடுப்பது நல்லதல்லவா? அதற்காகச் சில எழுத்துகளை இரண்டு தரம் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள்.

யோகலிங்கம் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினியோ?”

“உடைஞ்ச சிரட்டையைத் தாய்வானில இருந்து எடுப்பிச்சு என்ன செய்யப் போறம் அண்ணை? அடுப்புக்கு வைக்கவோ? அந்தக் கூலிக்கு இஞ்ச பத்துக் கிண்ணம் செய்யலாம்.”

அது நியாயமாகப் பட்டது. அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார்.

“காசு திருப்பித் தாறம், நல்ல மதிப்புரை ஒண்டு போடுங்கோ எண்டு எழுதன்.”

“அது சந்தைக்காரரின்ர சட்டத்துக்கு மாறு. பிடிச்சால் கடையை அவையே பூட்டுவினம், உங்களுக்கு வேலை மிச்சம்.”

“ரெண்டு கிண்ணம் நல்லாத்தானே கிடக்கு? நாலுக்கு மட்டும் குடுப்பமே?”

“ஆறையும் சேத்து, அனுப்பின கூலியையும் சேத்து.” அவள் திரும்பிப் பார்த்தாள். “அண்ணை, அவா கேக்க முதல் குடுத்தால்தான் அது மரியாதை. கேட்ட பிறகு குடுத்தால் அது தோல்வி.”

மீனம்மா இவ்வளவு நேரமும் தன் இடத்தில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், எழும்பி வந்து மேசையில் கையை ஊன்றினாள்.

“நிசா, மீனம்மா எண்ட மனுசிதான் பிழையாக் கட்டினது எண்டு எழுது. என்ர பேரைப் போடு. கடைக்காரருக்கு ஏன் கெட்ட பேர்?”

“பேர் தேவையில்லை மாமி. நான் ‘நாங்கள்’ எண்டுதான் எழுதியிருக்கிறன்.”

மீனம்மா மருமகளின் தோளில் ஒரு கணம் கையை வைத்து எடுத்தாள்.

“வாசி பாப்பம்” என்றார் யோகலிங்கம்.

அவள் ஒவ்வொரு வரியாகச் சீனத்தில் வாசித்துத் தமிழில் சொன்னாள்.

「林小姐，您好。」 லின் அவர்களே, வணக்கம். திருமதியோ செல்வியோ தெரியாத பெண்ணுக்கும் இந்த விளிப்புப் பொருந்தும் என்றாள். பிறகு:

“உங்களுடைய படங்களைப் பார்த்தோம். ஆசையாக வாங்கிய பொருள் உடைந்து வந்ததற்கும், உங்களுக்குத் தந்த சிரமத்துக்கும் மிகவும் வருந்துகிறோம். 是我們包裝的錯。 பொதிந்ததில் பிழை எங்களுடையது. எங்கள் வயலின் வைக்கோலை வைத்தோம். அதை உங்கள் நாட்டுக்குள் அனுப்பக் கூடாது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நீங்கள் செலுத்திய முழுத் தொகையையும், அனுப்பிய கூலியோடு, இன்றே திருப்பி அனுப்புகிறோம். சில வேலைநாட்களில் உங்கள் அட்டைக்கு வந்துவிடும். கிண்ணங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வெடித்த விளிம்பு கையைக் கிழிக்கக் கூடும், தயவுசெய்து கவனமாக எடுங்கள். பணம் வந்து சேராவிட்டால் எங்களுக்கு எழுதுங்கள், நாங்கள் கவனிக்கிறோம். எங்களிடம் சொன்னதற்கு நன்றி.”

“இன்னொரு ஓடர் தாங்கோ எண்டு ஒரு வரி?”

“இல்லை.”

“கொஞ்சம் மெதுவாக் கேட்டு?”

“இல்லை அண்ணை. மன்னிப்புக் கேக்க வந்த வீட்டில யாவாரம் கதைக்கிறேல்லை.”

யோகலிங்கம் கூரையைப் பார்த்தார், சிரட்டைக் குவியலைப் பார்த்தார், மீனம்மாவைப் பார்த்தார். கடையின் கணக்கு அவர் பெயரில். திருப்பிக் கொடுக்கும் பொத்தானை அவர்தான் அழுத்த வேண்டும். அழுத்தினால் சந்தைக்காரரிடம் கிடக்கிற அவருடைய காசில் அது கழியும்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கப் பாத்திருக்கிறன் என்ன?” என்றார் மெதுவாக.

“ஓம்” என்றாள் மீனம்மா. மற்றவர்கள் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள்.

அவர் பொத்தானை அழுத்தினார். நிசாந்தினி பதிலை அனுப்பினாள். நேரம் பதினொன்று பத்து.

அன்று பின்னேரம் வரை பதில் இல்லை. ஐந்தரை வந்தது, போனது. முறைப்பாடும் விழவில்லை, நன்றியும் வரவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை யோகலிங்கம் கொழும்பு வியாபாரிக்குப் போன் எடுத்து, மூட்டை எப்போது ஏற்றலாம் என்று கேட்டதை நிசாந்தினி காதால் கேட்டாள். கேட்டும் கடைப் பக்கத்தைத் திறந்து, புதுக் கிண்ணங்களின் படங்களை ஏற்றிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த செவ்வாய் காலை லின் எழுதியிருந்தார். நிசாந்தினி எல்லாரையும் கூப்பிட்டு வாசித்தாள்.

“பணம் வந்துவிட்டது, நன்றி. வந்து சேரும் வரைக்கும் பதில் எழுதாமல் இருந்தேன், மன்னிக்கவும். சீட்டை வாசித்திருந்ததால், நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடையாத இரண்டு கிண்ணத்திலும் என் கடையில் தேநீர் கொடுக்கிறேன். எங்கே வாங்கினது என்று கேட்கிறார்கள். மறுபடி ஆறு கிண்ணத்துக்கு ஓடர் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை உடையாமல் வந்தால் மேலே பேசலாம்.”

“ஆறுதானோ?” என்றார் யோகலிங்கம். ஆனால் கைபேசியை எடுத்து, கொழும்பு வியாபாரிக்கு மூட்டை இந்த மாதம் இல்லை என்று சொன்னதும் அவர்தான்.

பெட்டி கட்டும் நாள் வந்தது. ஜெயரூபி கட்டட்டும் என்று யோகலிங்கம் சொல்ல வாய் எடுத்தார், நிசாந்தினி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மீனம்மா பஸ்ஸால் இறங்கியதும் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, தென்னைக்குக் கீழே நின்று, முந்தானையை உதறினாள். மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்து மறுபடி உதறினாள். தலைமயிரைத் தட்டினாள். கிணற்றடிக்குப் போய் முழங்கை வரை கழுவினாள். பிறகு உள்ளே வந்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் குமிழ்த்தாளில் தனித்தனியாகச் சுற்றி, நடுவில் பெட்டி மட்டை வைத்து, மூலைகளில் கசக்கிய கடதாசியை இறுக்கி அடைத்து, பெட்டியை ஒட்டினாள்.

நிசாந்தினி விலாசச் சீட்டை நீட்டினாள். மீனம்மா வாங்கவில்லை. பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, சீமெந்து நிலத்தில் ஓங்கிப் போட்டாள்.

“ஐயோ அக்கா!” என்று கத்தினார் யோகலிங்கம்.

அவள் காதில் விழுத்தவில்லை. எடுத்து இரண்டாம் தரம் போட்டாள். மூன்றாம் தரம் மூலை அடிபடப் போட்டாள். பிறகு குந்தியிருந்து நாடாவை வெட்டிப் பிரித்து, ஆறு கிண்ணத்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் கேட்டாள். ஆறும் ஒரே சத்தம், கணீரென்று.

“இனி எழுது பிள்ளை” என்றாள், திரும்பவும் சுற்றத் தொடங்கிக்கொண்டே. “கட்டினது மீனம்மா எண்டு. இந்தமுறை என்ர பேரைப் போடு.”